ஆயிரம் லிட்டர் தொட்டியின் காற்புள்ளி

அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் கேட்டால், அவள் வரிகளை உடைத்து எழுதும் விதம் என்றுதான் அப்போது சொல்லியிருப்பேன். உண்மையான காரணம் வேறு. நான் வேலை செய்த இடத்தில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று இருந்தது. அவள் வந்தபிறகு அப்படி இல்லை.

போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில், ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் எங்கள் ஸ்டுடியோ இருந்தது. கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த முதலாளி பிறகு அலுவலகங்களுக்குப் பயிற்சி வீடியோ செய்து கொடுக்கத் தொடங்கினார். அவருடைய குடும்பம் வங்காளத்திலிருந்து வந்தது. நாங்கள் எல்லாரும் அவரை வங்காள வழக்கப்படி தாதா, அதாவது அண்ணன், என்போம். படத்தின் பேச்சு இந்தியில் இருக்கும். அடியில் ஓடும் எழுத்து மட்டும் வங்காளம், தெலுங்கு, தமிழ் என்று மூன்று மொழிகளில் வேண்டும். படத்தை வெட்டி ஒட்டுவதும் அந்த எழுத்துக் கோப்புகளை ஒழுங்கு செய்து அனுப்புவதும் என் வேலை. தமிழில் மொழிபெயர்க்க அவளை வைத்தார்கள்.

அவள் நிக்கோபாரின் கச்சால் தீவுப் பெண். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு, ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்களின் பேத்தி. என் குடும்பமோ ஐந்து தலைமுறையாகப் போர்ட் பிளேரில் இருக்கிறது. எங்கள் வீட்டில் தமிழும் இந்தியும் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. வந்த முதல் வாரமே அவள் "விளங்குதா?" என்று தோட்டத்துத் தமிழில் கேட்டதை நான் பக்கத்து மேஜைக்காரனிடம் அதே குரலில் சொல்லிக் காட்டினேன். அவள் காதில் விழுந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல், "உங்க தமிழ்ல பாதி ஹிந்தி. நான் அதைச் சொல்லிக் காட்டுறேனா?" என்றாள்.

அதற்குப் பிறகு என்னை 'சார்' என்றே கூப்பிட்டாள். அங்கே என்னைவிடச் சின்னவர்கள் எல்லாரும் இந்தியில் பையா என்பார்கள், அதாவது அண்ணா. அவள் சொன்ன 'சார்' மரியாதை இல்லை, தூரம். நானும் அவளை 'மேடம்' என்றேன்.

சண்டைக்கு எப்போதும் ஒரே விஷயம்தான். ஒரு வசனத்துக்கு அவள் இரண்டு வரிக்கு மேல் எழுத மாட்டாள். அந்த இரண்டு வரியையும் எங்கே பிரிப்பது என்பதில் நிமிடக்கணக்கில் உட்காருவாள். 'கொதிக்க வைக்காத தண்ணீரை' ஒரு வரி. 'குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்' அடுத்த வரி. இரண்டு பேர் பேசினால் ஆளுக்கு ஒரு வரி. "படிக்கிறவங்க கண்ணு ஒரு தடவைல பிடிக்கணும், சார். தோட்டத்துல வேலை செஞ்சவங்க மெதுவாதான் வாசிப்பாங்க" என்பாள்.

"திரை அகலம் இருக்குற வரைக்கும் வரி போகும், மேடம். அதைப் பிளேயர் பார்த்துக்கும்" என்பேன் நான்.

அந்த மழைக்காலத்தில் குடிதண்ணீர் பற்றிப் பன்னிரண்டு வீடியோக்கள் செய்தோம். மழைநீர்த் தொட்டியைக் கழுவுவது, மூடி வைப்பது, பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுவது. அதுவரை எங்கள் வீடியோக்கள் பென் டிரைவில் போகும். ஊர்க்கூடத்து டிவியில் செருகிப் போடுவார்கள். படத்தின் பெயரிலேயே ஓர் எஸ்ஆர்டி கோப்பு பக்கத்தில் இருந்தால் எழுத்து தானாக ஓடும். இந்த முறை வீடியோ கேட்ட அலுவலகத்தார் தங்கள் வெப்சைட்டில் போடவேண்டும் என்றார்கள். அந்த வெப்சைட்டின் பிளேயர் எஸ்ஆர்டியை எடுக்காது. வெப்விடிடி வேண்டும்.

இரண்டும் சாதாரண எழுத்துக் கோப்புகள்தான். எஸ்ஆர்டியில் முதலில் வசனத்தின் எண், அடுத்த வரியில் அது தோன்றும் நேரமும் மறையும் நேரமும், அதன்கீழ் வசனம், பிறகு ஒரு வெற்று வரி. நேரத்தில் விநாடிக்கும் மில்லி விநாடிக்கும் நடுவில் காற்புள்ளி இருக்கும்: 00:02:12,400 --> 00:02:15,900. வெப்விடிடியில் அந்த இடத்தில் காற்புள்ளிக்குப் பதில் புள்ளி வரும். கோப்பின் முதல் வரியில் WEBVTT என்று எழுதி ஒரு வெற்று வரி விடவேண்டும். அவ்வளவுதான். இதைத்தான் நான் தாதாவிடமும் சொன்னேன்: "காமா ஹட்டாகே டாட். அரை மணி நேர வேலை."

மறுநாள் காலை விமான நிலையத்துப் பக்கம் லம்பா லைனில் ஒரு பயிற்சிக் கூட்டம் இருந்தது. தீவுகளிலிருந்து வந்த தண்ணீர்த் தொண்டர்களுக்கு அந்த வெப்சைட்டைத் திறந்து காட்டப்போகிறார்கள். முப்பத்தாறு கோப்புகள். முதலில் தமிழ்க் கோப்புகளை மட்டும் ஒரு மென்பொருளில் போட்டு, இரண்டு வரியாக இருந்த வசனங்களையெல்லாம் ஒரே வரியாக ஒட்டினேன். இரண்டு வரி இருந்தால் தொட்டி கழுவும் கையை மறைக்கிறது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். வங்காளத்திலும் தெலுங்கிலும் அதே இரண்டு வரி இருந்தது. அவை மறைக்கவில்லையா என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. ஒட்டியதை அவளுடைய கோப்பின் மேலேயே சேமித்தேன். பிறகு எல்லாக் கோப்புகளையும் டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, காற்புள்ளி இருக்கும் இடமெல்லாம் புள்ளி என்று ஒரே கட்டளையில் மாற்றினேன். தலையில் WEBVTT போட்டேன். இரண்டு படங்களை ஓட்டிப் பார்த்தேன். குரல் தொடங்கும் கணத்தில் எழுத்து வந்தது, குரல் நிற்கும் கணத்தில் போனது. எழுத்தை நான் வாசிக்கவில்லை. நேரத்தைத்தான் பார்த்தேன்.

லம்பா லைன் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். நானும் தாதாவும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். வெளியே விமானம் இறங்கும் சத்தம் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்கள். முன்வரிசையில் கச்சாலிலிருந்து கப்பலில் வந்த ஆறேழு பெண்கள். அவர்களுக்கு நடுவில் எங்கள் மொழிபெயர்ப்பாளர். அவர்களில் இரண்டு பேர் அவளுடைய அம்மாவோடு ரப்பர் பால் எடுத்தவர்கள் என்று பிறகு தெரிந்தது. அவள் அன்றைக்குப் புதுப் புடவை கட்டியிருந்தாள். அதையும் நான் கவனித்து எரிச்சல்பட்டேன்.

மூன்றாவது வீடியோவைத் தமிழில் போட்டார்கள். முதல் நிமிடத்தில் வீட்டுக்காரியும் தொண்டரும் பேசும் இடம் வந்தது. 'திறந்தே வைக்கலாமா? வேண்டாம். மூடி வையுங்கள்' என்று ஒரே வரி. யார் எதைச் சொன்னது என்று இல்லை. முன்வரிசையில் ஒருத்தி பக்கத்துப் பெண்ணைப் பார்த்தாள். அடுத்த நிமிடம் திரையில் இப்படி ஓடியது: '1.000 லிட்டர் தொட்டிக்கு ஐந்து கிராம் பிளீச்சிங் பவுடர்'.

நடுவயதுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "ஒரு லிட்டருக்கா அஞ்சு கிராம்? அது வாயில வைக்க ஏலாதே."

படத்தை நிறுத்தினார்கள். கூட்டத்தை நடத்திய அதிகாரி எங்கள் பக்கம் திரும்பி, எழுத்து யாருடைய பொறுப்பு என்று இந்தியில் கேட்டார். நான் எழுந்தேன். யோசிக்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. பதில் தயாராக வாயில் இருந்தது.

"டைமிங் எல்லாம் சரியா இருக்கு, சார். இது டிரான்ஸ்லேஷன் மிஸ்டேக்" என்று இந்தியில் சொன்னேன். பிறகு, அந்த முன்வரிசைக்கும் விளங்கட்டும் என்று தமிழிலும் சொன்னேன். "எழுதினவங்க தப்பா எழுதிட்டாங்க."

இதை எழுதும்போதும் அந்தத் தமிழ் வாக்கியத்தைத்தான் நான் மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். முதலில் சொன்னது பயம். இரண்டாவது சொன்னது பயம் இல்லை.

அவள் எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை.

"நான் ஆயிரத்துக்குப் புள்ளி வைக்கல. காற்புள்ளிதான் வச்சேன். என் கோப்பு என்கிட்ட இருக்கு. போட்டுக் காட்டலாமா?"

கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்தாள். லேப்டாப்பில் படத்தையும் தன் எஸ்ஆர்டியையும் ஒன்றாகத் திறந்தாள். அதே இடத்துக்கு ஓட்டினாள். '1,000 லிட்டர் தொட்டிக்கு' ஒரு வரி. 'ஐந்து கிராம் பிளீச்சிங் பவுடர்' அடுத்த வரி. முதல் நிமிடத்துக்குப் போனாள். 'திறந்தே வைக்கலாமா?' ஒரு வரி. 'வேண்டாம், மூடி வையுங்கள்' ஒரு வரி.

கேள்வி கேட்ட பெண், "இது விளங்குது" என்றாள்.

நான் அப்போதும் விடவில்லை. "ராத்திரி திருத்தியிருப்பாங்க" என்றேன்.

அவள் மறுபடி லேப்டாப் பக்கம் குனிந்தாள். கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, கடைசியாக மாற்றிய தேதியைத் திரையில் காட்டினாள். மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. ப்ரொஜெக்டரில் அது பெரிதாகத் தெரிந்தது. நான் உட்கார்ந்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

அதிகாரி மத்தியானத்துக்குள் திருத்தித் தரச் சொன்னார். தாதா என்னை ஸ்கூட்டரில் ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்தார். மாடி ஏறியதும் பேசினார். கோப்பைக் கெடுத்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எல்லார் முன்னாலயும் அந்தப் பொண்ணு பேரைச் சொன்னியே, கியோன், ஏன்?" என்று மட்டும் கேட்டார். நான் பேர் சொல்லவில்லை என்றேன். "பேர் சொல்லலையாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் ஒரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முடிக்கவேண்டும், அவள் பார்க்காமல் ஒரு கோப்பும் வெளியே போகக்கூடாது என்றார்.

அவள் என் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். இரண்டு நாற்காலிக்கும் நடுவில் இன்னொரு நாற்காலி வைக்கும் அளவுக்கு இடம் விட்டாள். அவளுடைய மூலக் கோப்புகள் பென் டிரைவிலிருந்து வந்தன. என்னிடம் இருந்ததைத்தான் நான் அழித்திருந்தேனே.

"நேர வரில மட்டும் மாத்தணும்" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சா நேத்து ஏன் இப்படி?"

நான் எடிட்டரில் ஒரு வடிவத்தைத் தேடும்படி எழுதினேன்: ஓர் எண், காற்புள்ளி, பிறகு மூன்று எண்கள். மில்லி விநாடி எப்போதும் மூன்று இலக்கம். இனி வாக்கியங்களில் இருக்கும் காற்புள்ளியைத் தொடாது. எனக்குத் திருப்தியாக இருந்தது. மூன்றாவது வீடியோவின் கோப்பில் எத்தனை இடம் என்று எடிட்டர் காட்டியது: நூற்று எழுபத்தாறு. மாற்று என்று அழுத்தப் போனேன்.

"நில்லுங்க" என்றாள். "கடைசி வசனத்தோட நம்பர் என்ன?"

"எண்பத்தாறு."

"ஒரு வசனத்துக்கு ரெண்டு நேரம். நூத்தி எழுபத்திரண்டுதானே வரணும்? நாலு கூட வருது."

அந்த நாலையும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. '1,000' என்பதும் ஓர் எண், காற்புள்ளி, மூன்று எண்கள்தான். அந்தப் படத்தில் அது நான்கு இடத்தில் வந்தது. காலையில் நாற்பது பேர் முன்னால் வெளிப்பட்ட அதே தவறை அவள் கண்ணெதிரே இரண்டாவது முறை செய்யப் போயிருந்தேன். திரையில் விரலை வைத்துவிட்டு எடுத்தாள். அந்த விரலை நான் வெறுத்தேன். அப்படித்தான் சொல்லவேண்டும், வேறு மென்மையான சொல் இல்லை.

இரண்டு நேரங்களுக்கும் நடுவில் அம்புக்குறி இருக்கும் வரிகளில் மட்டும் தேடும்படி மாற்றினேன். நூற்று எழுபத்திரண்டு. வசனங்களின் வரிகளை ஒட்டவில்லை, பிரிக்கவில்லை. அவள் வைத்த இடத்தில் அப்படியே விட்டேன். வங்காளம், தெலுங்குக் கோப்புகளையும் அவற்றின் மூலத்திலிருந்து இதே மாதிரி மாற்றினேன். தமிழ்க் கோப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி, வெப்சைட் பிளேயரிலேயே ஓட்டினோம். ஒரு பக்கம் மூலக் கோப்பு, ஒரு பக்கம் படம். அவள் வரிகளைப் பார்த்தாள், நான் நேரத்தைப் பார்த்தேன். அவள் "ம்" என்றால் அடுத்தது.

மூன்றாவது வீடியோவின் நாற்பத்தோராவது வசனத்தில் படம் 'பவுடர் போட்டதும்' என்று ஒரு வரி மட்டும் காட்டியது. அடுத்த வரி வரவில்லை. வசனம் பாதியில் நின்றது.

நான் மூலக் கோப்பைத் திறந்தேன். 'பவுடர் போட்டதும்' என்ற வரிக்கும் 'அரை மணி நேரம் குடிக்கக் கூடாது' என்ற வரிக்கும் நடுவில் ஒரு வெற்று வரி இருந்தது. கை தவறி என்டரை இரண்டு முறை அழுத்தியிருக்கிறாள். வெப்விடிடியில் வெற்று வரி வந்தால் அந்த வசனம் அங்கேயே முடிந்தது. அதற்குப் பிறகு நேரம் இல்லாமல் நிற்கும் எழுத்தைப் பிளேயர் தூக்கி எறிந்துவிடும். ஸ்டுடியோ டிவியில் அந்தக் கோப்பைச் சோதித்தபோது அது எப்படியோ சமாளித்து இரண்டையும் காட்டியிருக்கிறது. ஆகவே யாருக்கும் தெரியவில்லை.

எனக்குள் ஏற்பட்டது சந்தோஷம். 'குடிக்கக் கூடாது' என்ற எச்சரிக்கை காணாமல் போயிருக்கிறது, இப்படியே போயிருந்தால் எங்கோ ஒரு வீட்டில் யாரோ உடனே குடித்திருப்பார்கள். அந்த நினைப்பு வரவில்லை. மாட்டினாள் என்ற நினைப்புதான் வந்தது.

"இது நான் பண்ணது இல்ல, மேடம்" என்றேன். அறையில் இருந்த எல்லாருக்கும் விளங்கும்படி இந்தியில் சொன்னேன். "தேதி வேணும்னா பார்த்துக்கலாம். மூணு வாரம் முன்னாடி நீங்களே பண்ணது."

அவள் குனிந்து அந்த வரியைப் பார்த்தாள். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள், வெற்று வரியை நீக்கினாள், சேமித்தாள்.

"சரி. அது என் பிழை" என்றாள்.

அவ்வளவுதான். சாக்கு எதுவும் சொல்லவில்லை. பிறகு தானே எழுந்து போய்த் தாதாவிடம், "இன்னொரு இடத்துல நான் பிழை விட்டிருந்தேன், இப்ப சரி பண்ணியாச்சு. மத்த பதினொண்ணையும் வெற்று வரிக்காகத் தேடிப் பார்க்கணும்" என்று தன்னுடைய திணறும் இந்தியில் சொன்னாள். தாதா தலையாட்டினார். இன்னும் இரண்டு கோப்புகளில் அதே மாதிரி இருந்தது. அவளே கண்டுபிடித்தாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன அந்த மூன்று சொற்களைக் காலையில் லம்பா லைனில் நான் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வந்திருக்காது. அதை உணர்ந்ததும் அவள்மேல் மரியாதை வரவில்லை. கோபம்தான் கூடியது. இவள் இதை இவ்வளவு சுலபமாகச் செய்ய வேண்டுமா என்று.

கோப்புகள் மத்தியானத்துக்குள் போயின. கூட்டத்தில் மறுபடி போட்டுக் காட்டினார்கள் என்றும், இந்தத் தடவை எல்லாரும் வாசித்தார்கள் என்றும் தாதா வந்து சொன்னார். நான் போகவில்லை. அவள் போனாள்.

பத்து நாள் கழித்து ஒரு மாலை, துணிக்கடை வாசலில் டீக்கடைக்குப் பக்கத்தில் அவள் ஜங்லிகாட் போகும் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். மழை தூறியது. பேசிவிடலாம் என்று போனேன். என்ன சொல்லவேண்டும் என்று மனதில் சரியாகத்தான் வைத்திருந்தேன்.

"அன்னிக்கு ஹால்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்ற விதம் எனக்குப் பொறுக்கவில்லை. "ஆனா உங்க சைடுலயும் மிஸ்டேக் இருந்துச்சு இல்ல. மத்லப், ரெண்டு பேருக்கும் பராபர்."

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, சமம் பண்ண வந்தீங்களா, சார்?"

நான் டீக்கடைப் பக்கம் திரும்பினேன்.

"நான் ஒரு வரிய விட்டேன். யாரு மேலயும் போடல. என் அம்மாவுக்குத் தெரிஞ்சவங்க முன்னால நீங்க என்னை எழுதத் தெரியாதவள்னு சொன்னீங்க. அந்தக் கதை நான் கச்சால் போறதுக்கு முந்தியே கப்பல்ல போயிடுச்சு. இது ரெண்டும் எப்படி சமம்?"

பஸ் வந்தது. கூட்டம் இருந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அதே அறையில் வேலை செய்தோம். நான் மாற்றும் ஒவ்வொரு கோப்பையும் அவள் ஓட்டிப் பார்த்த பிறகே அனுப்பினோம். நான் முதலில் வசனங்களை எண்ணுவேன், அம்புக்குறி வரிகளை எண்ணுவேன், நடுவில் வெற்று வரி இருக்கிறதா என்று தேடுவேன், மூலக் கோப்பைத் தனி ஃபோல்டரில் தொடாமல் வைப்பேன். அவளிடம் தவறு கண்டுபிடிக்க இடம் கொடுக்கக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் செய்தேன். அவளும் எனக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று எழுதியிருக்கவேண்டும்; அவள் கோப்புகளில் பிறகு ஒரு வெற்று வரிகூட நான் பார்க்கவில்லை. இரண்டு பேருடைய பகையில் வேலை சுத்தமாக நடந்தது. தாதா இதை வெளியாட்களிடம் பெருமையாகச் சொல்வார். எங்களைச் சேர்த்துவைக்க அவர் ஒருநாளும் முயலவில்லை.

பிறகு எனக்கு வேறு வேலை கிடைத்தது. கடைசி நாளில் எல்லாருக்கும் சமோசா வாங்கி வைத்தேன். அவள் ஒன்றை எடுத்துக்கொண்டு, "தேங்க்ஸ், சார்" என்று சொல்லிவிட்டுத் தன் கம்ப்யூட்டருக்குப் போனாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். நான் விட்டுப்போகும் நாற்காலிக்கு யாரை வைக்கப்போகிறார்கள் என்று தாதாவிடம் கேட்டேன். கோப்பு மாற்றும் வேலையையும் அவளே பார்த்துக்கொள்வாள் என்றார்.